கடிகாரம் ஓடும்போதுதான் பில்லைப் படிக்க வேண்டும்

இணையதளங்களில் பணம் கட்டும் பக்கங்களைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. தெரிந்தவர் ஒருவர் பயணச்சீட்டு எடுத்தபோது பிடித்த ஸ்கிரீன்ஷாட்களை அனுப்பி, "ஆயிரம்னு பார்த்துத்தானே உள்ள போனேன், எப்படி 1,279 ஆச்சு?" என்று கேட்டார்.

படங்களை வரிசையாகப் பார்த்தேன். தேடல் பக்கத்தில் விலை 1,000. அடுத்த பக்கத்தில் இருக்கைத் தேர்வுக்கு 150. அதைத் தவிர்க்கும் வழி கீழே, சாம்பல் நிறப் பொடி எழுத்தில் இருந்தது. அதற்கடுத்து பயணக் காப்பீடு 49. டிக் ஏற்கெனவே போட்டிருந்தது. கார்டு எண்ணை அடித்து முடித்த பிறகுதான் சேவைக் கட்டணம் 80 தலைகாட்டியது.

முதல் இரண்டையும் கவனித்திருந்தால் தவிர்த்திருக்கலாம். கடைசி 80 அப்படியல்ல. யாராலும் தவிர்க்க முடியாத கட்டணம் என்றால் அது முதல் பக்க விலையிலேயே சேர்ந்திருக்க வேண்டும். இப்படிச் சொட்டுச் சொட்டாக விலை ஏற்றும் தளத்தை இன்னொன்றோடு ஒப்பிடுவதானால், இரண்டிலும் பணம் கட்டும் பக்கம் வரை போய், அங்குள்ள மொத்தத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

இத்தனையும் அவர் கண்ணில் படாததற்குக் காரணம் திரையின் உச்சியில் இருந்தது. "இந்த விலை இன்னும் 06:41 நிமிடம் மட்டுமே" என்று சிவப்பில் ஓடிய கடிகாரம். பில்லைப் படிக்க விடாமல் விரட்டுவதுதான் அதன் வேலை என்பேன்.

போலிக் கடிகாரம் பெரும்பாலும் பிரௌசருக்குள்ளேயே ஓடுகிறது. நீங்கள் பக்கத்தைத் திறந்த நொடியிலிருந்து பத்து நிமிடம் எண்ணும். சர்வரில் உள்ள விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. பக்கத்தை ரீலோட் செய்து பார்ப்பது போதாது, பிரௌசரில் தளம் விட்டுவைக்கும் சிறு குறிப்பான குக்கீயில் நேரத்தைச் சேமித்து வைத்து, விட்ட இடத்திலிருந்தே அது தொடரக்கூடும். அதே பயணத்தை, பழைய குக்கீ எதுவும் இல்லாமல் திறக்கும் இன்காக்னிட்டோ விண்டோவில் தேடுங்கள். அதே விலைக்கு மறுபடி முழுப் பத்து நிமிடம் ஓடத் தொடங்கினால், அந்தக் கெடு பொய் என்று கிட்டத்தட்ட உறுதி.

இருக்கையைப் பிடித்து வைக்கும் கடிகாரம் வேறு. அது நிஜமாகவும் இருக்கலாம். நீங்கள் தேர்ந்தெடுத்த இருக்கை இன்காக்னிட்டோவில் 'எடுக்கப்பட்டது' என்று காட்டினால் உண்மையிலேயே உங்களுக்காக வைத்திருக்கிறார்கள். அப்போது நேரம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், இருக்கை போய்விடும். ஆனாலும் பில்லை வரிவரியாகப் படிக்க ஒரு நிமிடம் போதும். நீங்களாகச் சேர்க்காத வரி எது என்று மட்டும் பாருங்கள்.

நண்பருடைய தேடலை நான் அப்படித் திறந்தபோது கடிகாரம் 10:00 என்று காட்டியது, விலை அதே 1,000. அன்று மாலையே, டிக் போட்டிருந்த படத்தையும் இணைத்து, காப்பீட்டை ரத்து செய்யச் சொல்லி அவர் எழுதினார். 49 திரும்பி வந்தது. 80 வரவில்லை.