அப்பா ஒருவர்தான், ‘தே’ வேண்டாம்

விசா விண்ணப்பத்தோடு வைக்கும் அழைப்புக் கடிதத்தைத் தாங்களே ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, முத்திரைக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளரான என்னிடம் கொண்டு வருபவர்கள் நாகர்கோவிலில் நிறைய. இந்த வாரமும் அப்படி ஒன்று வந்தது. கனடாவில் இருக்கும் மகள், தக்கலையில் இருக்கும் அப்பாவை அழைக்கிறார். தமிழ் மூலம் இதுதான்: “அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர்கள் எங்களுடன் ஆறு மாதம் தங்குவார்கள். அவர்களுடைய செலவை நாங்கள் ஏற்கிறோம்.” நல்ல தமிழ். ஆங்கிலத்தில் ‘அவர்கள்’ வந்த இடமெல்லாம் ‘தே’, ‘தேர்’. படிக்கும் அதிகாரி என்ன நினைப்பார்? விண்ணப்பம் ஒருவருக்கு, தங்கப் போவது பலர். அந்த இன்னொருவர் யார், அவருடைய பாஸ்போர்ட் எங்கே என்று கேள்வி வரும்.

திருத்தச் சொன்னால், கடிதம் கொண்டு வந்த தம்பி முகம் சுளிக்கிறார். “அப்பாவப் போயி ‘ஹி’ன்னு எழுதச் சொல்லுதியளே சார்?”

இந்த ஒரு எண்ணத்தோடுதான் என் மல்லுக்கட்டு. ‘ஹி’ என்றால் ‘அவன்’ என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. ‘ஹி’ என்பது அவனும் இல்லை, அவரும் இல்லை. அந்த இடத்தில் மரியாதை அளவிடப்படவே இல்லை, அவ்வளவுதான். தமிழில் வந்தான், வந்தார், வந்தார்கள் என்று வினைமுற்றே ஆளை எடைபோட்டுவிடும். ஆங்கிலத்தில் ‘கேம்’ ஒன்றுதான். மன்னர் வந்தாலும் அதுதான், பேரன் வந்தாலும் அதுதான். விகுதியே இல்லாத இடத்தில் மரியாதைக் குறைவு எங்கிருந்து வரும்?

பன்மைதான் மரியாதை என்பது நம் வழக்கு. ‘ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவி’ வழக்கில் வரும் உயர்சொல், இலக்கண நெறி ஆகாது என்று தொல்காப்பியம் அப்போதே பிரித்து வைத்திருக்கிறது. பலரைக் குறித்த ‘ஆர்’ ஒருவருக்கான மரியாதையாகிப் போனதால், பலருக்கென்று ‘கள்’ சேர்த்தோம். இப்போது ‘ஆர்கள்’ என்பதையும் அப்பாவுக்கே கொடுத்துவிட்டோம். நம்மூர்ப் பேச்சிலும் ‘அவிய வந்தாவ’ என்றால் மாமா ஒருவரா, மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பேரா என்று சொல்ல முடியாது. ஆங்கிலத்திலும் முன்னிலையில் இந்தப் பழக்கம் இருந்தது. நெருங்கியவருக்கு ‘தவ்’, மதிப்புக்குரியவருக்குப் பன்மையான ‘யூ’. பிறகு ‘தவ்’ வழக்கொழிந்து எல்லோருக்கும் ‘யூ’ ஆனது. படர்க்கையில் ‘தே’ மரியாதைக்கு வந்ததே இல்லை. ஒருவரை ‘தே’ என்பது ஆங்கிலத்தில் உண்டு. ஆனால் ஆணா பெண்ணா என்று தெரியாதபோதும், அப்படிக் குறிக்கும்படி ஒருவர் விரும்பும்போதும்தான். உங்கள் அப்பா கேட்கவில்லையே!

சரி, மரியாதையை எங்கே வைப்பது? பெயரில் வையுங்கள். முதல் வரியில் ‘மை ஃபாதர்’ என்று தொடங்கி, ‘மிஸ்டர்’ சேர்த்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயரையும் போடுங்கள். அடுத்து ‘ஹி’ வரலாம். ஒவ்வொரு வரியிலும் ‘ஹி’ என்று எழுத மனசு ஒப்பவில்லையா, இரண்டு மூன்று வரிக்கு ஒருமுறை ‘மை ஃபாதர்’ என்றே எழுதுங்கள், தவறில்லை. தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர் என்ற செய்தியை அந்த முதல் வரியிலேயே சேர்த்தால் அதுவே பெரிய மதிப்பு. ‘ரெஸ்பெக்டட் ஃபாதர்’ வேண்டாம். ‘டியர் சார்’ என்பதைக் கண்டு கூச்சப்படவும் வேண்டாம், அங்கே அது கொஞ்சல் இல்லை.

பெரியவருக்கே எழுதும்போது மரியாதை கேட்கும் முறையில் இருக்கிறது. ‘நீங்கள் வர வேண்டும்’ என்பதை ‘யூ மஸ்ட் கம்’ என்று எழுதினால் அது கட்டளை. முன்னால் ‘ப்ளீஸ்’ ஒட்டினாலும் கட்டளை கட்டளைதான். ‘வி வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் கம்’ என்று நீட்டிப் பாருங்கள். ‘வுட்’, ‘குட்’ இரண்டும் சேர்ந்து, நம் ‘ஈர்கள்’ செய்யும் வேலையில் பாதியாவது செய்யும்.

மீதிப் பாதி? அது போய்விடும்தான். வாக்குமூலத்தில் ஒருவர் அண்ணனை ‘அவர்’ என்று சொல்லிக்கொண்டே வந்து, சொத்துத் தகராறுக்கு வந்ததும் ‘அவன்’ என்று இறங்குவார். ஆங்கிலத்தில் இரண்டுமே ‘ஹி’. அப்படிப்பட்ட இடத்தில் ‘மூலத்தில் மரியாதை விகுதி இங்கே மாறுகிறது’ என்று சதுர அடைப்புக்குள் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு போடுவேன். வக்கீல்களே, அதைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.

அனுப்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். தமிழ் மூலத்தில் ‘அவர்கள்’, ‘ஆர்கள்’ வரும் இடங்களை எல்லாம் பேனாவால் வட்டமிட்டு, ஒவ்வொன்றின் மேலும் எத்தனை பேர் என்று எண் எழுதுங்கள். ஒன்று என்று எழுதிய இடத்தில் ‘தே’ இருக்கக் கூடாது. ‘தே’ போனதும் பக்கத்தில் ஆங்கில ‘ஆர்’ நின்றால் ‘இஸ்’ ஆக்குங்கள். ‘தேர்’ இருந்தால் ‘ஹிஸ்’, அம்மாவானால் ‘ஹர்’. அப்புறம் முத்திரைக்கு வாருங்கள்.