21 பேரை இடம் மாற்றிய இரண்டு காலி மேசைகள்

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் உள்ள கல்லூரிகளுக்குத் தேர்வு நேரத்தில் கணினி வேலை பார்த்துக் கொடுக்கிறேன். மேசை மேசையாகப் பெயர் எழுதிய கட்டப் படத்தைப் பெயர், வரிசை, இருக்கை எண் என்று பட்டியலாக்குவது அதில் ஒரு வேலை. கதவில் ஒட்டுவதும் கையொப்பம் வாங்குவதும் அந்தப் பட்டியலில்தான்.

ஓர் ஐப்பசியில் வந்த அறைக்கு 6 வரிசை, வரிசைக்கு 5 மேசை. இரண்டாம் வரிசை மூன்றாம் மேசைக்கு மேலே ஓடு ஒழுகியது. நான்காம் வரிசை ஐந்தாம் மேசைக்குக் கால் உடைந்திருந்தது. இரண்டையும் காலியாக விட்டு 28 பேரை உட்கார வைத்திருந்தார்கள். நான் எக்செலில் `TOCOL(B2:F7,1)` என்று போட்டுப் பெயர்களை ஒரே நெடுவரிசையாக்கினேன். அந்த 1, காலிக் கட்டங்களை விட்டுவிடச் சொல்கிறது. பக்கத்தில் வரிசை எண்ணையும் இருக்கை எண்ணையும் 30 மேசைக்கும் வரிசையாக நிரப்பினேன்.

பெயர்களை எண்ணினால் 28, கணக்கு சரி. ஆனால் ஒழுகிய மேசைக்குப் பின்னால் இருந்த 11 பேர் ஒவ்வோர் இடமும், உடைந்த மேசைக்குப் பின்னால் இருந்த 10 பேர் இரண்டிரண்டு இடமும் முன்னால் நகர்ந்துவிட்டார்கள். ஒழுகும் மேசைக்கே ஒரு மாணவியை அனுப்பியிருந்தேன். அறைக் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டுப் பேசியதை இங்கே எழுத முடியாது.

தவறு, பெயரில் மட்டும் காலியை நீக்கியது. மூன்று நெடுவரிசைகளும் ஒட்டிய பிறகுதான் நீக்க வேண்டும். A2:A7 இல் வரிசை எண், B1:F1 இல் இருக்கை எண் இருந்தால் இப்படி:

```
=LET(g,B2:F7,
 p,TOCOL(TRIM(g)),
 v,TOCOL(IF(g="",A2:A7,A2:A7)),
 i,TOCOL(IF(g="",B1:F1,B1:F1)),
 FILTER(HSTACK(p,v,i),p<>""))
```

`IF` இரண்டு பக்கமும் ஒரே விடை தருவது வேடிக்கையாகத் தெரியும். ஒற்றை நெடுவரிசையிலோ ஒற்றை வரிசையிலோ உள்ள எண்ணை 30 கட்டத்துக்கும் விரித்துக் கொடுப்பதுதான் அதற்கு இங்கே வேலை. காலி என்று நினைத்த கட்டத்தில் யாரோ தட்டிய இடைவெளியை `TRIM` துடைத்துவிடும். ‘காலி’ என்றே எழுதி வைத்தால் எதுவும் உதவாது. அந்தப் பெயரில் ஒரு மாணவர் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

`TOCOL` எக்செல் 2021 இலும் அதற்கு முந்தையவற்றிலும் கிடையாது. அங்கே பவர் குவரியில் வரிசை எண் நெடுவரிசையைத் தேர்ந்து `Unpivot Other Columns` கொடுத்தால் போதும். காலிக் கட்டங்களை அது தானே விட்டுவிடும். ஒவ்வொரு பெயரும் தன் வரிசை எண்ணோடும் இருக்கை எண்ணோடும் சேர்ந்தே இறங்குவதால் நகராது.

இப்போதெல்லாம் நான் எண்ணிக்கையை நம்புவதில்லை. படத்தின் கடைசி மேசைப் பெயரைப் பட்டியலில் தேடுகிறேன். அன்றைக்கு 6ஆம் வரிசை 5ஆம் இருக்கையில் இருந்தவர், பட்டியலில் 3ஆம் இருக்கையில் இருந்தார்.