நெற்றி வெளுத்தால் பசை, கறுத்தால் சாயம்

ஸ்டிக்கர் பொட்டை எடுத்த இடத்தில் தோல் வெளுத்திருந்தால், காரணம் பெரும்பாலும் பொட்டின் நிறமல்ல; பின்புறம் தடவியிருக்கும் பசை. குங்குமம் வைக்கும் இடம் சாம்பல் கலந்த பழுப்பாகக் கறுத்தால், அதில் கலந்திருக்கும் சாயத்தைச் சந்தேகிக்க வேண்டும். சிந்தூரத்தில் நாம் அஞ்ச வேண்டிய பொருளோ, தோலில் எந்த அடையாளமும் காட்டாமலே உடலுக்குள் போகக்கூடியது. மும்பையில் தோல் மருத்துவம் பார்க்கும் எனக்கு, இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு வருபவர்களைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. “நெற்றியில் எதுவுமே ஒத்துக்கொள்ளவில்லை, டாக்டர்” என்பார்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பிரித்துப் பார்க்காமல் களிம்பு போடுவதால் பயனில்லை.

செம்பூரில் வசிக்கும் ஒரு பள்ளி ஆசிரியையைப் பற்றிச் சொல்கிறேன். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பது வயதைத் தாண்டியவர். கல்லூரி நாட்களிலிருந்து ஸ்டிக்கர் பொட்டுதான். லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டியில் விற்க வரும் அட்டைகளை வாங்குவார். இரவில் பொட்டை எடுத்துக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, காலையில் அதையே மறுபடி வைத்துக்கொள்வார். சில மாதங்கள் பொட்டின் அடியில் அரிப்பு இருந்தது. பொட்டைச் சற்று மேலே தள்ளி ஒட்டிக்கொண்டார். பிறகு அரிப்பு அடங்கியது, வெள்ளை வந்தது.

அவர் நெற்றியைப் பார்த்ததும் எனக்குக் காரணம் பாதி புரிந்துவிட்டது. வெள்ளைத் தழும்பு எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் இருந்தது. கீழே ஒரு வட்டம், அதை ஒட்டி மேலே இன்னொரு வட்டம். பொட்டு முதலில் இருந்த இடமும் பின்னர் நகர்ந்த இடமும் அப்படியே பதிவாகியிருந்தன. தானாக வரும் வெண்புள்ளி நோய் இவ்வளவு துல்லியமாகப் பொட்டின் அளவைப் பார்த்து வருவதில்லை. அது உதட்டோரம், விரல் நுனி, கண்ணைச் சுற்றி என்று வேறு இடங்களையும் தேடிப் போகும். அந்த இடங்களையெல்லாம் வுட்ஸ் விளக்கின் ஊதா ஒளியில் பார்த்தேன். நெற்றியைத் தவிர எங்கும் வெள்ளை இல்லை.

ஆனால் அந்த எட்டைச் சுற்றி ஒரு கரும்பழுப்பு வளையமும் இருந்தது. வெள்ளையை மறைக்க அவர் ஆறேழு மாதமாக அதன்மேல் பெரிதாகக் குங்குமம் வைத்துவந்திருக்கிறார். ஒரே நெற்றியில் இரண்டு விதமான பாதிப்பு, இரண்டு வேறு பொருட்களால்.

முதலில் வெள்ளை. ஸ்டிக்கர் பொட்டுப் பசைகள் சிலவற்றில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற பொருளைக் கொண்டு செய்த பிசின் இருக்கும். பசை தோலில் இறுகப் பிடிக்க அது உதவுகிறது. பிசினாக மாறாமல் மிஞ்சிய பீனால் கொஞ்சம் பசையிலேயே தங்கிவிடும். இந்திய ஆய்வாளர்கள் 1990-லேயே பொட்டுப் பசையில் இந்தத் தனிப் பீனாலைக் கண்டறிந்து, அதனால் நெற்றி வெளுப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். மும்பையின் புழுக்கத்தில் பொட்டின் அடியில் வியர்வை தேங்கி நிற்கிறது. காற்றுப் படாமல் மூடிய ஈரமான தோலுக்குள் இத்தகைய பொருட்கள் எளிதாக இறங்கும்.

நம் தோலுக்கு நிறம் தரும் மெலனினை நிறமிச் செல்கள் டைரோசின் என்ற பொருளிலிருந்து உண்டாக்குகின்றன. இந்தப் பீனாலின் அமைப்பு டைரோசினைப் போன்றது. போலிச் சாவி பூட்டுக்குள் நுழைவதுபோல அது நிறமிச் செல்லின் உற்பத்தி வேலைக்குள் நுழைந்துவிடுகிறது. அங்கே அது நச்சுப் பொருளாக மாறுகிறது. செல் சிதைகிறது, சிதைந்த செல்லை உடலின் எதிர்ப்பு அணுக்களும் தாக்கத் தொடங்குகின்றன. தோலின் மற்ற செல்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதனால்தான் அந்த இடம் தொட்டால் வழவழப்பாக, சாதாரணத் தோலாகவே இருக்கும். நிறம் மட்டும் போயிருக்கும். அரிப்பே இல்லாமலும் இது வரலாம். பொட்டை நிறுத்திய பின்னும் எல்லை தாண்டிப் பரவுவது உண்டு. அரிதாகப் பசை படாத இடங்களிலும் வெண்புள்ளி தோன்றுகிறது. கொல்கத்தாவில் ரசாயனங்களால் தோல் வெளுத்த 864 பேரைப் பற்றி 2009-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குக் காரணம் ஒட்டும் பொட்டு.

இனி அந்தக் கறுத்த வளையம். வீட்டில் முறையாகச் செய்யும் குங்குமத்தில் மஞ்சள், வெங்காரம், படிகாரம், எலுமிச்சைச் சாறு, கடைசியில் சிறிது நெய்யோ நல்லெண்ணெயோ இருக்கும். மஞ்சளின் குர்குமினும் வெங்காரமும் எலுமிச்சையின் புளிப்பில் சேரும்போதுதான் அந்தச் சிவப்பு பிறக்கிறது. அது அடங்கிய, சற்றே பழுப்பேறிய சிவப்பு. கடையில் கிடைக்கும் பளீர்ச் சிவப்புக் குங்குமத்தில் பல, மாவிலோ, முகப் பவுடரில் சேர்க்கும் டால்க் என்ற கல்தூளிலோ செயற்கைச் சாயமும் வாசனையும் சேர்த்தவை. சூடான் வகைச் சாயங்களும் பிரில்லியன்ட் லேக் ரெட் என்ற சாயமும் குங்குமத்தால் வந்த ஒவ்வாமைக்குக் காரணமாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

இந்த ஒவ்வாமை தடித்துச் சிவந்து கொப்பளித்துத்தான் வர வேண்டும் என்பதில்லை. சில நேரம் அரிப்புகூடச் சொல்லும்படி இராது. சிறு அழற்சி நாள்தோறும் தொடர்ந்து, மேல்தோலில் இருக்க வேண்டிய மெலனின் கீழ்த்தோலுக்குள் உதிர்ந்து தங்கிவிடும். அங்கிருந்து அது போக மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் ஆகும். இந்தக் கறுப்பைப் போக்க மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ‘வெளுக்கும்’ களிம்புகளை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. பலவற்றில் ஸ்டீராய்டும் ஹைட்ரோகுயினோனும் சேர்ந்திருக்கின்றன. தோல் மெலியும், பருக்கள் கிளம்பும். குங்குமம் மட்டும் தினமும் அதே இடத்தில் விழுந்துகொண்டிருக்கும். எலுமிச்சையைத் தேய்ப்பதும் வேண்டாம். எரிச்சல் கூடினால் கறுப்பும் கூடும்.

ஆசிரியைக்குப் பேட்ச் டெஸ்ட் செய்தோம். அவருடைய பொட்டு, அவர் வைத்துவந்த குங்குமம், அவர் தாயார் ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய வீட்டுக் குங்குமம், பீனால் பிசின் ஒரு சதவீதம் கலந்த சோதனைக் களிம்பு ஆகியவற்றைத் திங்கட்கிழமை முதுகில் ஒட்டினோம். இரண்டு நாள் நனைக்கக் கூடாது, வியர்க்கவும் கூடாது. இந்த ஊரில் அதுவே பெரிய வேலை. புதன்கிழமை எடுத்துப் பார்த்தபோது பிசின் இருந்த இடம் லேசாகச் சிவந்திருந்தது. வெள்ளிக்கிழமை பிசின், பொட்டு, கடைக் குங்குமம் மூன்றும் தடித்துச் சிவந்திருந்தன. வீட்டுக் குங்குமம் வைத்த இடத்தில் ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் வீட்டுக் குங்குமம் ஒத்துக்கொள்ளும் என்பதல்ல. மஞ்சளுக்கே ஒவ்வாமை உள்ளவர்களும் இருக்கிறார்கள்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. இது ஒவ்வாமையைக் காட்டும். நிறமிச் செல்லை நேராக அழிக்கும் நச்சுத்தன்மையைக் காட்டாது. சோதனையில் ஒன்றும் வரவில்லை என்பதற்காக, பொட்டின் வடிவிலேயே நெற்றி வெளுத்திருப்பவருக்கு அதே பொட்டை மறுபடி வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்ல மாட்டேன். பிசின் ஒட்டிய இடமே முதுகில் வெளுத்துப்போகும் வாய்ப்பும் சிறிது இருக்கிறது. சோதனைக்கு முன்பே அதைச் சொல்லிவிடுகிறோம்.

ஸ்டிக்கரும் கடைக் குங்குமமும் அன்றே நின்றன. வெள்ளைக்கு இரவில் டாக்ரோலிமஸ் களிம்பும், பகலில் சன்ஸ்கிரீனும் கொடுத்தேன். ஒன்றரை மாதம் வரை எந்த மாற்றமும் தெரியவில்லை. பிறகு ஓரங்களிலிருந்தும் நெற்றியின் பூனைமுடிகளின் வேர்களிலிருந்தும் சிறு பழுப்புப் புள்ளிகள் கிளம்பின. அந்த வேர்களில் பதுங்கியிருக்கும் நிறமிச் செல்கள்தான் வெளியே வருகின்றன. அரை ஆண்டில் மேல்வட்டம் முழுவதும் நிறைந்தது. பல ஆண்டுகள் பொட்டு இருந்த கீழ்வட்டத்தின் நடுவில் இன்னும் வெள்ளை இருக்கிறது. சீக்கிரம் நிறுத்தினால் சீக்கிரம் நிறையும் என்று எல்லோருக்கும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் வெள்ளையைப் பார்த்த பிறகும் பொட்டைத் தொடர்ந்தவர்களிடம் நிறம் திரும்புவது கடினமாகவே இருந்திருக்கிறது.

மும்பை, டெல்லித் தமிழ்ப் பெண்கள் பலர் இப்போது வகிட்டில் சிந்தூரமும் வைக்கிறார்கள் என்பதால் அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய சிந்தூரம் பாதரச சல்பைடு. மலிவான ஆரஞ்சு நிறத்துக்கு ஈயச் சிவப்பு என்ற ஈய ஆக்சைடு சேர்க்கப்பட்டது. நிறத்துக்காக ஈயச் சேர்மங்களை அழகுப்பொருளில் சேர்ப்பதை இந்தியச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் நியூ ஜெர்சியிலும் மும்பை, டெல்லியிலும் வாங்கிய 118 சிந்தூரங்களைச் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், பெரும்பாலானவற்றில் ஏதோ ஓரளவு ஈயம் இருந்தது. சிலவற்றில் மிக அதிகம். இந்த ஈயம் சாதாரணத் தோல் வழியாக அதிகம் இறங்காது, அரிப்பும் தராது. விரலில் ஒட்டி உணவோடு போகிறது, தலையணையில் உதிர்கிறது, தவழும் குழந்தையின் வாய்க்குள் போகிறது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவுமே இல்லை. பெயரில்லாப் பொட்டலச் சிந்தூரத்தைப் பல ஆண்டுகளாக வைத்துவருபவர் கருவுற்றிருந்தால், ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கும் சோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது. தண்ணீரில் கரைத்துப் பார்ப்பது, உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பது போன்றவை ஈயத்தைக் காட்டமாட்டா.

புதிய குங்குமம் ஒன்றை நெற்றிக்குக் கொண்டுபோகும் முன் முழங்கையின் உள்மடிப்புக்கு அருகே ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் காலையும் மாலையும் இரண்டு வாரம் தடவிப் பாருங்கள். சிவந்தால், தடித்தால் அதை விட்டுவிடலாம். ஸ்டிக்கருக்கு இந்தச் சோதனை பயன்படாது. வெளுப்பு தெரிய மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். ஸ்டிக்கர்தான் வேண்டுமென்றால் விசேஷ நாட்களுக்கு மட்டும் வைத்து, வீடு திரும்பியதும் எடுத்து, மிஞ்சிய பசையைத் தேங்காய் எண்ணெயால் துடைத்துவிடுங்கள். அடியில் வாஸ்லின் தடவினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பசையைத் தோலிலிருந்து முழுதாகப் பிரித்துவைப்பதில்லை. தை மாதத்தில் மராட்டிய வீடுகளின் ஹல்தி குங்கு அழைப்புகளில் நெற்றியில் வைத்துவிடும் குங்குமத்தைத் தவிர்க்க முடியாது. ஒவ்வாமை உறுதியானவர்கள் வீடு திரும்பியதும் அதைக் கழுவிவிட்டால் தொடர்ந்து படிவதாவது குறையும்.

நெற்றியில் நிறம் மாறியிருப்பதைக் காட்ட மருத்துவரிடம் போகும்போது, பொட்டு அட்டையையும் குங்குமச் சிமிழையும் சிந்தூரப் பொட்டலத்தையும் எடுத்துச் செல்லுங்கள். நான் பார்த்த பொட்டு அட்டைகளில் பசை எதனால் ஆனது என்று அச்சிட்டிருந்ததில்லை. அதனால் பொருளையே ஒட்டிச் சோதிப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை.