டேலி ஆகிவிட்டால் போதுமா? கலைக்கப்படும் கம்பெனியின் கணக்கில் நான் பார்ப்பது

"வரவும் செலவும் பைசா சுத்தமா டேலி ஆகுது சார். கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தீங்கன்னா நாளைக்கே ரிப்போர்ட் போட்டுடலாம்." நான் ஆடிட்டர். கலைக்கப்படும் கம்பெனியின் சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பவர் லிக்விடேட்டர். இந்த வருஷத்தில் மட்டும் மூன்று லிக்விடேட்டர் அலுவலகங்களிலிருந்து இதே வார்த்தையைக் கேட்டுவிட்டேன். மூன்றாவது முறை கோபம் வந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திவால் சட்டத்தின் கீழ் கம்பெனியைக் கலைக்கச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவிட்டதும், லிக்விடேட்டர் ஒரு தனி வங்கிக் கணக்கு தொடங்குவார். சொத்து விற்ற பணம் எல்லாம் அதில் வரும், செலவும் பட்டுவாடாவும் அதிலிருந்தே போகும். ஒவ்வொரு நிதியாண்டு முடிவிலும், கடைசியில் இறுதி அறிக்கையோடும், தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு இணைக்க வேண்டும். ஒரே வங்கிக் கணக்கிலிருந்து எழுதிய வரவு செலவு டேலி ஆகாமல் வேறென்ன செய்யும்? வர வேண்டியது வந்ததா, போகக் கூடாத இடத்துக்குப் போனதா என்று பார்ப்பதுதான் தணிக்கை. இரண்டுமே பாஸ்புக்கில் தெரியாது.

கொங்குப் பக்கத்து நூற்பாலை ஒன்றின் கணக்கை வைத்துச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

நிலமும் கட்டடமும் இ-ஏலத்தில் 10 கோடிக்குப் போனது. கணக்கில் 9.90 கோடி என்று எழுதியிருந்தார்கள். வாங்கியவர் 1% டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு மீதியைக் கட்டியிருந்தார், பாஸ்புக்கில் வந்த தொகையை அப்படியே விற்பனை விலையாக்கிவிட்டார்கள். அந்த 10 லட்சம் கம்பெனி பெயரில் கட்டிய வரி. ரீஃபண்ட் கேட்டு வாங்கிக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டிய சொத்து. கணக்கில் வராவிட்டால் யார் கேட்பார்கள்?

அதைவிடப் பெரியது தேதியில் இருந்தது. ஏலம் எடுத்தவர் முன்பணமாக 1 கோடி கட்டியிருந்தார். மீதி 9 கோடியைக் கட்டச் சொல்லிக் கடிதம் போன 75-ஆம் நாளில்தான் பணம் வந்தது. ஏல விதிப்படி 90 நாள் வரை அவகாசம் உண்டு, ஆனால் 30 நாளுக்கு மேல் போனால் 12% வட்டி கட்ட வேண்டும். 45 நாள் தாமதத்துக்கு வட்டி சுமார் 13.31 லட்சம். அது வரவில் இல்லை. "90 நாளுக்குள்ள கட்டிட்டாரே சார்" என்றார் உதவியாளர். 90 நாள் தாண்டினால் விற்பனையே ரத்து. வட்டி 31-ஆம் நாளிலேயே ஓட ஆரம்பித்துவிடும். இரண்டையும் குழப்பாதீர்கள். நான் எந்தச் சொத்து விற்பனையை எடுத்தாலும் முதலில் பார்ப்பது, பணம் கட்டச் சொன்ன கடிதத்தின் தேதியையும் பணம் வந்த தேதியையும்தான். ஐந்து நிமிட வேலை.

அப்புறம் பழைய இரும்பு. ஓடாத இயந்திரங்களை உடைத்துக் கிலோ 40 ரூபாய்க்கு விற்றிருந்தார்கள். இன்வாய்ஸ்படி மொத்தம் 1,84,000 கிலோ. இன்வாய்ஸ் எண்கள் வரிசையாக இருந்தன, பணமும் வந்திருந்தது. கேட்டில் இருந்த வாட்ச்மேனிடம் அவருடைய நோட்டைக் கேட்டேன். ஒவ்வொரு லாரிக்கும் வண்டி எண், நேரம் எழுதி, எடைமேடைச் சீட்டின் நகலைப் பின் குத்தி வைத்திருந்தார். படிப்பு அதிகம் இல்லாத அந்த மனிதர் வைத்த ரெகார்டு மாதிரி அந்தக் கோப்பில் வேறெதுவும் இல்லை. சீட்டுகளைக் கூட்டினால் 2,11,000 கிலோ. 27,000 கிலோ இன்வாய்ஸ் இல்லாமலே வெளியே போயிருக்கிறது. 40 ரூபாய் கணக்கில் 10.80 லட்சம். கேட்டதும் "அது தரையில கூட்டின குப்பை" என்று பதில் வந்தது. குப்பையை யாரும் எடை போட்டு லாரியில் ஏற்றுவதில்லை.

செலவுப் பக்கத்தில் நான் தேடுவது ஒன்றுதான். பட்டுவாடா வரிசையில் முதல் இடம் திவால் நடைமுறைச் செலவுக்கும் கலைப்புச் செலவுக்கும். அவற்றுக்கு முழுத் தொகையும் போன பிறகுதான் மற்றவர்கள். அதனால் பழைய பாக்கி எல்லாம் "செலவு" என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த முதல் இடத்தில் வந்து நிற்கப் பார்க்கும். இந்த ஆலையில் செக்யூரிட்டி ஏஜென்சிக்குக் கொடுத்த தொகையில் 4.80 லட்சம், திவால் நடைமுறை தொடங்குவதற்கு முன்பு பார்த்த வேலைக்கானது. பில் மட்டும் பிறகு போடப்பட்டிருந்தது. பில் தேதியைப் பார்த்து டிக் அடித்தால் இது பிடிபடாது. எந்த மாதத்து வேலை என்று பார்க்க வேண்டும். அந்த ஏஜென்சி தன் பழைய பாக்கிக்கு மற்ற சப்ளையர்களோடு வரிசையில் நிற்க வேண்டியது. பஞ்சு கொடுத்த வியாபாரி ஒரு ரூபாய் கூடக் கிடைக்காமல் நிற்கும்போது இவருக்கு மட்டும் முழுத் தொகையா?

சரி, என்னை மிகவும் எரிச்சல்படுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். தொழிலாளிகளின் பி.எஃப். பாக்கி.

செலவுக்குப் பிறகு இரண்டாம் படியில் இரண்டு பேர் சமமாக நிற்கிறார்கள். கலைப்பு தொடங்கிய நாளுக்கு முந்தைய 24 மாதத்துக்கான தொழிலாளர் பாக்கி ஒன்று. அடமானத்தை விட்டுக்கொடுத்துப் பொதுப் பணத்தில் பங்கு கேட்டு வந்த வங்கியின் கடன் இன்னொன்று. சமம் என்றால் ஆளுக்குப் பாதி என்று அர்த்தம் இல்லை. பணம் போதாவிட்டால் இருவருக்கும் ஒரே சதவீதம். யூனியன்காரர்கள் "தொழிலாளிக்குத்தானே முதல்ல" என்று நம்பி வருவார்கள். அவர்களிடம் இதைச் சொல்லும்போது மனசு கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஆனால் பி.எஃப். இந்தப் படியில் இல்லை. மூன்றாம் படியிலும் இல்லை. எந்தப் படியிலும் இல்லை! அது வரிசையில் நிற்கவே வேண்டியதில்லை. திவால் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, கலைப்பில் பிரித்துக் கொடுக்க வேண்டிய சொத்து எது என்று சொல்கிறது. பி.எஃப்., ஓய்வூதிய நிதி, கிராஜுவிட்டி நிதி ஆகியவற்றிலிருந்து தொழிலாளிக்குச் சேர வேண்டியதை அந்தச் சொத்திலிருந்தே அந்தப் பிரிவு விலக்கி வைத்திருக்கிறது. சம்பளத்தில் பிடித்த பணம் தொழிலாளியுடையது, கம்பெனி அதைக் கட்டாமல் வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். முதலாளி கட்டாமல் விட்ட பி.எஃப். பாக்கியையும் முழுதாகக் கொடுக்க வேண்டும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் உங்களிடம் கொடுத்து வைத்த நகை உங்கள் பீரோவில் இருந்தால், உங்களுக்குக் கடன் கொடுத்தவர் அதில் பங்கு கேட்க முடியுமா? இதை எத்தனை கூட்டத்தில் சொன்னாலும், அடுத்த கோப்பில் பி.எஃப். பாக்கி மறுபடி தொழிலாளர் பாக்கியோடு கூட்டப்பட்டு வந்து நிற்கிறது.

இந்த ஆலையிலும் அதே கதை. நான் சொன்ன திருத்தங்களை இப்போதைக்கு விட்டுவிடுவோம். சொத்து விற்றது மொத்தம் 12 கோடி, செலவு 1.50 கோடி, மீதி 10.50 கோடி. வங்கிக் கடன் 18 கோடி. தொழிலாளர் சம்பளப் பாக்கி 2 கோடி. பி.எஃப். பாக்கி 50 லட்சம். அவர்கள் மூன்றையும் கூட்டி 20.50 கோடி என்று வைத்து, எல்லாருக்கும் 51.22% போட்டிருந்தார்கள். பி.எஃப்.புக்குக் கிடைத்தது 25.61 லட்சம்.

சரியான கணக்கில் முதலில் 50 லட்சத்தை முழுதாக எடுத்து வைக்க வேண்டும். மீதி 10 கோடி. அதில் பங்கு கேட்பவை 20 கோடி. ஆக 50%. வங்கிக்கு 9 கோடி, சம்பளப் பாக்கிக்கு 1 கோடி, பி.எஃப்.புக்கு 50 லட்சம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தப்புக் கணக்கில் பி.எஃப்.பில் குறைந்தது 24.39 லட்சம். அதில் 21.95 லட்சம் வங்கிக்குப் போயிருக்கிறது. 2.44 லட்சம் தொழிலாளியின் சம்பளப் பாக்கிக்கே போயிருக்கிறது, அதாவது அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவர் வேட்டி மடிப்பிலேயே செருகியிருக்கிறார்கள். இரண்டு கணக்கும் கடைசியில் 10.50 கோடிக்கு டேலி ஆகும். நான் எதற்குக் கோபப்பட்டேன் என்று இப்போது புரியும்.

இரண்டாம் படிக்கே 50% என்றால் கீழே உள்ளவர்களுக்கு எதுவும் இல்லை. சூப்பர்வைசர், ஆபீஸ் ஊழியர்களின் 12 மாதச் சம்பளம் மூன்றாம் படி. அதனால் தொழிலாளியா ஊழியரா என்ற பட்டியல் இங்கே வெறும் பெயர்ப் பட்டியல் அல்ல, பாதியா பூஜ்யமா என்பதே அதில்தான் இருக்கிறது. பதவிப் பெயரை வைத்துப் பிரித்திருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பார்த்த வேலையை வைத்துக் கேளுங்கள். அரசு வரி பாக்கி, சப்ளையர்கள் எல்லாம் இன்னும் கீழே. "ஜி.எஸ்.டி.காரங்க முதல்ல எடுத்துக்குவாங்க" என்று நினைக்கிறவர்கள் இன்னும் பலர். ஏலத்தில் வாங்கியவரிடம் புதிதாக வசூலித்த ஜி.எஸ்.டி.யை அப்படியே கட்ட வேண்டும், அது வேறு. கம்பெனியின் பழைய வரி பாக்கி வரிசையில்தான் நிற்க வேண்டும்.

தொழிலாளிகளே, யூனியன் நண்பர்களே, கோரிக்கைப் படிவத்தில் பி.எஃப். தொகையைச் சம்பளத்தோடு சேர்த்து ஒரே எண்ணாக எழுதாதீர்கள். தனியாக எழுதுங்கள். ஒன்றாக எழுதிக் கொடுத்துவிட்டால், பிரித்துப் பார்க்கச் சொல்லி நாங்கள் சண்டை போட வேண்டியிருக்கிறது. பி.எஃப். அலுவலகமும் கோரிக்கை போட்டிருக்கிறதா என்று கேட்டு வையுங்கள்.

கடன் கொடுத்தவர்களே, ஆலோசனைக் குழுவில் இடம் இருந்தால் கூட்டத்துக்குப் போங்கள். போய் டீ குடித்துவிட்டு வராமல், ஒவ்வொரு சொத்துக்கும் மதிப்பீடு எவ்வளவு, விற்றது எவ்வளவு, பணம் வந்த தேதி எது என்று கேளுங்கள். விலை மதிப்பீட்டை விடக் குறைந்திருந்தால் காரணத்தை அந்தச் சொத்தின் விற்பனை அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும். "மார்க்கெட் டல்" என்ற இரண்டு வார்த்தை காரணம் ஆகாது.

ஆடிட்டர் தம்பி தங்கைகளுக்கு, கேட் நோட்டை வாங்காமல் ஸ்க்ராப் விற்பனைக்கு டிக் போடாதீர்கள். வாட்ச்மேன் வேலையை விட்டுப் போய்விட்டால் நோட்டும் போய்விடும், முதல் காலாண்டிலேயே நகல் எடுத்து வையுங்கள். விற்ற பணம் வந்த 90 நாளுக்குள் பட்டுவாடா செய்ய வேண்டும். கொடுத்த பிறகு தப்பைக் கண்டுபிடித்தால் வங்கியிடமிருந்து திரும்ப வாங்குவது பெரும்பாடு. இந்த ஆலையில் பட்டுவாடாவுக்கு முன்பே கோப்பு என்னிடம் வந்தது. பி.எஃப். 50 லட்சம் முழுதாகப் போயிற்று. 4.80 லட்சம் செலவிலிருந்து நீக்கப்பட்டது. வட்டிக்கும் 27,000 கிலோவுக்கும் நோட்டீஸ் போயிருக்கிறது. அவை வசூலாகும் வரை என் அறிக்கையில் அந்த இரண்டு பத்தியும் அப்படியே இருக்கும்.