எட்டு ஃப்ரேமை எப்போது வெட்டுவது?

ஒரு குறும்படத்தில் இப்படி ஒரு காட்சி என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருக்கிறான் மகன். அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். “வேலையை விட்டுட்டேன்ப்பா.” அப்பா தலையைத் தூக்கிப் பார்க்கிறார், பேப்பரை மடிக்கிறார், பிறகு கேட்கிறார்: “சாப்பிட்டியா?” மகன் சொல்லி முடித்ததற்கும் அப்பா வாய் திறப்பதற்கும் நடுவே நான்கு விநாடி மௌனம். விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 96 ஃப்ரேம். அது சரியா, 60 போதுமா?

புதிதாக எடிட் செய்கிறவரின் கை முதல் நாளே இந்த மௌனத்தில்தான் போய் நிற்கும். நீளமாகத் தெரிகிறதே என்று பத்து ஃப்ரேம் குறைப்பார், மறுபடி ஓட்டுவார், இன்னும் எட்டு குறைப்பார். அந்த உழைப்பு பெரும்பாலும் வீணாகிவிடும். மௌனத்தின் நீளத்தைத் தீர்மானிப்பது, பார்வையாளர் அந்த இடத்துக்கு வரும்போது அவருக்கு என்னென்ன தெரிந்திருக்கிறது என்பதே. முதல் நாளில் அது இன்னும் முடிவாகியிருக்காது.

திரைக்கதையில் இதற்கு இரண்டு காட்சி முன்னால், மகன் ஆபீசில் ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் காட்சி ஒன்று இருக்கிறது. அது படத்தில் இருந்தால் திண்ணையில் அவன் சொல்வது நமக்குப் பழைய செய்தி. அவன் வாய் திறக்கும்போதே நாம் அப்பாவின் முகத்துக்குப் போய்விட்டோம். அவர் என்ன சொல்வார் என்பது மட்டும்தான் பாக்கி. அந்தக் காத்திருப்பு நான்கு விநாடியைத் தாராளமாகத் தாங்கும். ஆபீஸ் காட்சியைத் தூக்கிவிட்டால் கதையே வேறு. “விட்டுட்டேன்” என்பது அப்பாவுக்குப் போலவே நமக்கும் அப்போதுதான் தெரிகிறது. நமக்கு முதலில் மகனின் முகம் வேண்டும்: ஏன் விட்டான், நிஜமாகத்தான் சொல்கிறானா? ஒன்றரை விநாடியாவது அவன் மேல் நின்றுவிட்டு அப்பாவிடம் போனால்தான் அவரைப் பார்க்க மனது தயாராகும். 96 ஃப்ரேம் இப்போது 130-ஐத் தாண்டலாம். காட்சி அதே, நடிப்பு அதே, தேவைப்படும் நேரம் மட்டும் மாறிவிட்டது. முதல் நாள் பாடுபட்டு 60-க்குக் கொண்டுவந்தவர் எல்லாவற்றையும் பிரித்துப் போட வேண்டியதுதான்.

வேகம் பற்றிய முடிவுகளைப் பெரிய அளவிலிருந்து சின்ன அளவுக்குக் கொண்டுபோவதற்கு இதுதான் காரணம். முதலில் அசெம்பிளி: திரைக்கதையில் உள்ள எல்லாக் காட்சியும், ஒவ்வொன்றிலும் நல்ல டேக், முழு நீளத்தில். 15 நிமிடப் படத்துக்கு இது 25 நிமிடம் வந்தால் பதறத் தேவையில்லை. அடுத்தது ரஃப் கட். இங்கே கையாளும் அலகு காட்சி. எது இருக்கும், எது போகும், எது எதற்கு முன்னால் வரும் என்பது மட்டுமே கேள்வி. அதற்குப் பிறகு காட்சிக்குள் போகலாம்: எந்த இடத்தில் நுழைவது, எங்கே வெளியேறுவது, யார் முகத்தில் நிற்பது. இங்கே அலகு விநாடி. கடைசியாகத்தான் ஃபைன் கட், அங்கே அலகு ஃப்ரேம்.

ரஃப் கட்டில் ஒழுங்காக நிற்க ஒரு எளிய வழி, டைம்லைனை எப்போதும் இரண்டு மூன்று நிமிடமாவது திரையில் தெரியும் அளவுக்குச் சுருக்கி வைப்பது. ஃப்ரேம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் கை அங்கே போகாது. காட்சிகளை ஒவ்வொரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுவது இன்னும் நல்லது. எடுக்கவே எடுக்காத ஷாட்டுக்குக் கறுப்புத் திரையில் “பஸ் வந்து நிற்கிறது” என்று எழுதி மூன்று விநாடி விட்டுவிடலாம். ஒவ்வொரு கட்டத்தைத் தொடங்கும் முன்பும் சீக்வென்ஸை நகல் எடுத்துப் புதிய பெயரில் வேலை செய்ய வேண்டும். `THINNAI_RC_v03` போதும்; ‘final’, ‘final_new’ என்று போகிறவர்கள் பிறகு எது எது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

ரஃப் கட்டைப் பார்ப்பதற்கும் முறை உண்டு. நடுவில் நிறுத்தாமல், முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் பார்க்க வேண்டும். குறிப்பு எழுதினாலும் ஓட்டத்தை நிறுத்தக் கூடாது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொரு காட்சியும் தனியாக நன்றாகத்தான் இருக்கும். தொடர்ந்து பார்க்கும்போதுதான் சோர்வு எங்கே தட்டுகிறது என்று தெரியும். ஆனால் சோர்வு தெரியும் இடமும் அதற்குக் காரணமான இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. “ஒன்பதாவது நிமிஷம் இழுக்குது” என்று பார்த்தவர் சொன்னால், ஒன்பதாவது நிமிடத்தில் கத்தரி வைப்பதற்கு முன் நாலாவது நிமிடத்தைப் பாருங்கள். அங்கேயே சொல்லிவிட்ட விஷயத்தை இங்கே வேறு வார்த்தையில் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் ஒரு காட்சியை முழுதாகத் தூக்கினால் சரியாகிவிடும். ஒன்பதாவது நிமிடத்தில் இருபது இடத்தில் ஐந்தைந்து ஃப்ரேம் குறைத்தால் காட்சி படபடப்பாகும், இழுவை அப்படியே இருக்கும்.

இந்தக் கட்டத்தில் இசை போடாமல் இருப்பது நல்லது. தற்காலிகமாக ஒரு பாட்டின் பின்னணியைப் போட்டதும் எந்த மௌனமும் அழகாகிவிடும், எந்த நடையும் நோக்கத்தோடு நடப்பதுபோல் இருக்கும். இசையை எடுத்ததும் குறை எல்லாம் அப்படியே இருக்கிறது. போதாததற்கு, அந்தத் தாளத்துக்கு ஏற்ற மாதிரி கட்டுகளும் விழுந்துவிடும். பிறகு இசையமைப்பாளர் வேறு வேகத்தில் ஒன்று போட்டால் கட்டுகள் அந்தரத்தில் நிற்கும்.

ஃபைன் கட்டில் ஒரு ஃப்ரேம் என்பது ஏறத்தாழ 42 மில்லி விநாடி. இவ்வளவு சின்ன அளவு ஏன் கணக்கில் வருகிறது என்பதற்குக் கண்ணின் வேலையே பதில். முந்தைய ஷாட்டில் நம் பார்வை திரையின் வலப்பக்கம் மகன் முகத்தில் இருக்கிறது. கட். அப்பா இடப்பக்கத்தில் இருக்கிறார். புதிய படத்தில் எங்கே பார்ப்பது என்று தீர்மானித்துக் கண் கிளம்பவே சுமார் 200 மில்லி விநாடி ஆகும். தாவிப் போய்ச் சேர இன்னும் 30 முதல் 50 மில்லி விநாடி. தாவும் நேரத்தில் மூளை பார்வையை ஏறக்குறைய அணைத்து வைத்துவிடுகிறது. ஆக மொத்தம் ஐந்து ஆறு ஃப்ரேம் போன பிறகுதான் நாம் அப்பாவைச் சரியாகப் பார்க்கிறோம். அவர் புருவம் லேசாக அசைவது ஷாட்டின் நான்காவது ஃப்ரேமில் இருந்தால், எடிட்டர் அதைப் பார்த்திருப்பார், பார்வையாளர் பார்த்திருக்க மாட்டார். கட்டை எட்டு ஃப்ரேம் முன்னால் தள்ளினால் புருவம் பன்னிரண்டாவது ஃப்ரேமுக்குப் போகும், கண்ணில் படும்.

இதே அப்பா ஷாட்டுக்கு முன்னால், முகம் திரையின் இடப்பக்கத்தில் இருக்கும் வேறு ஷாட் வந்தால் கண் நகரவே வேண்டாம். அந்த எட்டு ஃப்ரேமும் தேவைப்படாது. ஃப்ரேம் அளவில் எடுக்கும் எந்த முடிவும் பக்கத்து ஷாட்டோடு கட்டிப்போடப்பட்டது. பக்கத்து ஷாட் மாற வாய்ப்பு இருக்கும்வரை அந்த முடிவுக்கு ஆயுள் கிடையாது.

பேச்சுக்கு நடுவே விழும் இடைவெளியும் இப்படித்தான். பத்து மொழிகளில் உரையாடல்களை அளந்து 2009-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒருவர் கேள்வி கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லி விநாடி அளவில்தான் இருந்தது, அதாவது ஐந்து ஃப்ரேம். மொழிக்கு மொழி வேறுபாடு உண்டு, ஆனாலும் எல்லாம் அரை விநாடிக்குள். திரையில் 12 ஃப்ரேம் இடைவெளி விட்டால் பேசுகிறவர் யோசிக்கிறார் என்று படும். 24 விட்டால் ஏதோ சரியில்லை என்று படும். தனித்தனியாக எடுத்த க்ளோஸ்-அப்களை ஒட்டும்போது ஒவ்வொரு வசனத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் வெற்று நேரம் தானாக ஒட்டிக்கொள்ளும். சாதாரணப் பேச்சே தயக்கமாகக் கேட்க இதுதான் காரணம். ஒருவர் குரல் மற்றவர் முகத்தின் மேல் தொடங்கும்படி ஒலியை ஆறேழு ஃப்ரேம் முன்னால் இழுத்தால் பேச்சு பேச்சாகிவிடும். திண்ணைக் காட்சியில் மற்ற வசனங்களை இப்படி நெருக்கி வைத்தால், தொடாமல் விட்ட அந்தப் பெரிய மௌனம் தானாகவே இன்னும் பெரிதாகும். நிறைய இடங்களில் மௌனத்துக்கு ஃப்ரேம் சேர்ப்பதைவிட அதன் அக்கம்பக்கத்தைச் சுருக்குவதே வேலை செய்யும்.

கட் செய்யும் ஃப்ரேமைச் சோதிக்க அமெரிக்க எடிட்டர் வால்டர் மர்ச் கையாண்ட முறை எளிமையானது: ஷாட்டை ஓடவிட்டு, இங்கே வெட்ட வேண்டும் என்று தோன்றும் நொடியில் நிறுத்திக் குறித்துக்கொள்வது; திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டு மறுபடியும் நிறுத்துவது. இரண்டு முறையும் ஒரே ஃப்ரேமில் நின்றால் அது நம்பத்தக்க இடம். பத்துப் பன்னிரண்டு ஃப்ரேம் தள்ளித் தள்ளி நின்றால், அந்த ஷாட்டில் என்ன தேடுகிறோம் என்பதே இன்னும் தெளிவாகவில்லை என்று பொருள். அப்போது ஃப்ரேமை விட்டுவிட்டு ஒரு கட்டம் பின்னால் போக வேண்டும்.

விதிக்கு விலக்கும் உண்டு. நகைச்சுவைக் காட்சியும் சண்டைக் காட்சியும் கரடுமுரடான வெட்டில் செத்துக் கிடக்கும். ஆறு ஃப்ரேம் தாமதத்தில் ஜோக்கே போய்விடும். அதை வைத்துக்கொள்வதா தூக்குவதா என்று ரஃப் கட்டில் முடிவு செய்ய, அந்த ஒரு காட்சியை மட்டும் முன்கூட்டியே ஓரளவு மெருகேற்றித்தான் பார்க்க வேண்டும். தூக்கினால் அந்த உழைப்பு போகும் என்று தெரிந்தே செய்வது அது.

எடிட்டருக்கு இன்னொரு சிக்கல், நாற்பதாவது முறை பார்க்கும்போது எல்லா ஷாட்டும் நீளமாகத் தோன்றும். என்ன வரப்போகிறது என்று தெரிந்த கண்ணுக்கு அரை விநாடியில் வேலை முடிந்துவிடுகிறது. அந்தக் கண்ணை நம்பிக் குறைத்துக்கொண்டே போனால், முதல் முறை பார்க்கிறவருக்குச் சுவரில் இருந்த போட்டோ யாருடையது என்றே புரியாது. ரஃப் கட்டுக்கும் ஃபைன் கட்டுக்கும் நடுவே ஒரு வாரம் படத்தைத் தொடாமல் இருக்க முடிந்தால் இது பாதி சரியாகும். முடியாவிட்டால், படம் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைக்கலாம். அவர் வாய் திறக்க வேண்டியதுகூட இல்லை. அவர் நாற்காலியில் நெளியும் இடங்கள் போதும்.

ஃபைன் கட் முடிந்து, இனி வெட்டில் கை வைப்பதில்லை என்று பிக்சர் லாக் சொன்ன பிறகு டப்பிங், ரீ-ரெக்கார்டிங், நிறத்தைச் சரிசெய்யும் டி.ஐ. எல்லாம் அந்த நீளத்தை நம்பி நடக்கும். அதற்கப்புறம் திண்ணை மௌனத்தில் எட்டு ஃப்ரேம் எடுத்தால் அது மூன்றில் ஒரு விநாடிதான். ஆனால் அந்த ரீலில் அதற்குப் பின்னால் உள்ள வசனம், காலடிச் சத்தம், இசை எல்லாம் எட்டு ஃப்ரேம் நகர வேண்டும். ஒன்று நகராமல் போனாலும் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். முழுநீளப் படத்தைச் சுமார் இருபது நிமிட ரீல்களாகப் பிரித்து அனுப்புவதில் இதற்கும் ஒரு வசதி இருக்கிறது: இரண்டாவது ரீலில் நடந்த மாற்றம் மூன்றாவது ரீலைத் தொடாது. குறும்படத்துக்கு ரீல் ஒன்றுதான். எட்டு ஃப்ரேம் எடுத்தால் கடைசி டைட்டில் வரை எல்லாம் நகரும்.