கறுப்பு மோதிரம் விரலில் மாட்டிக்கொண்டால்

தேவகோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் காரைக்குடியில் இருக்கும் என் நகைப் பட்டறைக்கு ஓடி வந்தார். மோதிர விரலில் குளவி கொட்டி வீங்கியிருந்தது. சிங்கப்பூரிலிருந்து அண்ணன் வாங்கி வந்த கறுப்பு மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது. வழியில் ஒரு கடையில் ரம்பம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மோதிரத்தில் கீறல்கூட விழவில்லை, பிளேடுதான் மழுங்கியது.

நகத்தை அழுத்தி விட்டேன். வெளுத்த இடம் உடனே சிவந்தது, விரல் நுனியில் உணர்ச்சியும் இருந்தது. அதனால்தான் நானே கை வைத்தேன். விரல் நீலம் பாய்ந்தோ மரத்தோ போயிருந்தால், எலும்பு முறிவோ காயமோ இருந்தால், நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பியிருப்பேன்.

அது டங்ஸ்டன் கார்பைடு. கண்ணாடியைவிடக் கடினம், ஆனால் கண்ணாடி மாதிரியே வளையாது. அதனால் அறுப்பதைவிட உடைப்பது சுலபம். பூட்டிக்கொள்ளும் வைஸ் கிரிப் பிளையரை மோதிரத்தின் மேல் சும்மா தொடும் அளவுக்கு வைத்துப் பூட்டினேன். பிறகு திறந்து, கைப்பிடித் திருகைக் கால் சுற்று இறுக்கி மறுபடி பூட்டினேன். இடத்தை மாற்றி மாற்றி இப்படி நாலைந்து முறை செய்ததும் ‘டிக்’கென்று விரிசல் விட்டு இரண்டு துண்டானது. சில்லு தெறிக்கும் என்பதால் மேலே துணி போட்டிருந்தேன், இருவரும் கண்ணாடி அணிந்திருந்தோம்.

இதைத் தங்கத்திலோ ஸ்டீலிலோ டைட்டானியத்திலோ செய்துவிடாதீர்கள். அவை உடையாமல் நசுங்கி விரலை நெரிக்கும். கையில் எடுத்தாலே டங்ஸ்டன் கனக்கும், டைட்டானியம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. விரலில் மாட்டியபின் எடை பார்க்க முடியாது, ஆகவே வாங்கும்போதே பில்லில் உலோகத்தின் பெயரை எழுதி வாங்குங்கள்.

டைட்டானியத்தையும் ஸ்டீலையும் அறுக்கலாம். விரலுக்கும் மோதிரத்துக்கும் நடுவில் தகடு செருகி, வெட்டுச் சக்கரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் தோல் வெந்துவிடும். ஒரு பக்கம் அறுத்தால் தங்கம் போல விரியாது, பெரும்பாலும் எதிர்ப்பக்கமும் அறுக்க வேண்டி வரும்.

“அளவு கூட்டித் தாங்க ஆசாரி” என்று இந்த மோதிரங்களோடும் வருகிறார்கள். தங்கமென்றால் வெட்டி, துண்டு சேர்த்து, பற்றவைப்புப் பொடி வைத்து ஊதி ஒட்டிவிடுவேன். டைட்டானியத்தைக் காற்றில் சுட்டால் ஆக்சிஜன் ஏறி நொறுங்கும் தன்மை வந்துவிடும். உள்பக்கம் கடைந்து கொஞ்சம் பெரிதாக்கலாம், அதோடு சரி. ஸ்டீலும் கொஞ்சம்தான் விரிந்து கொடுக்கும். டங்ஸ்டனோ பொடியை அழுத்திச் சுட்டெடுத்தது. நீட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது, கடையில் மாற்றித்தான் வாங்க வேண்டும்.