எடிட் செய்த இடுப்பு ஏன் கண்ணில் படுவதில்லை

நெதர்லாந்தில் மரிஸ்கா கிளீமன்ஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 14 முதல் 18 வயது வரையிலான 144 பெண்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவுகள் 2018-ல் வெளியாயின. சோதனை ரொம்ப எளிமையானது. பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, இரண்டு பக்கத்துக்கும் இன்ஸ்டாகிராம் செல்ஃபிகளைக் காட்டினார்கள். படத்தில் இருந்தவர்கள் நடிகைகளோ மாடல்களோ இல்லை, பார்க்கிறவர்களைப் போன்ற சாதாரணப் பெண்கள்தான். ஒரு பிரிவினர் செல்ஃபிகளை எடுத்தபடியே பார்த்தார்கள். இன்னொரு பிரிவினருக்குக் கிடைத்தவை அதே செல்ஃபிகள்தான், ஆனால் கை வைக்கப்பட்டவை. ஃபில்டர் போட்டு, கண்ணுக்குக் கீழே இருந்த வீக்கத்தையும் தோலில் இருந்த பருவையும் அழித்து, காலைக் கொஞ்சம் மெலிய வைத்து, இடுப்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்தார்கள்.

பார்த்து முடித்ததும் தங்கள் உடலைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டபோது, எடிட் செய்த படங்களைப் பார்த்தவர்களுக்குத் திருப்தி குறைவாக இருந்தது. இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. ஆய்வின் சுவாரசியமான பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. படத்தில் ஃபில்டர் போட்டிருப்பதைப் பெண்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனால் உடலின் வடிவம் மாறியிருப்பது அவர்கள் கண்ணில் சரியாகப் படவில்லை. அந்தப் படங்கள் நிஜத்தைத்தான் காட்டுகின்றன என்றே எடுத்துக்கொண்டார்கள், அழகாக இருப்பதாக மதிப்பெண்ணும் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

யோசித்துப் பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. ஃபில்டர் என்றால் என்ன செய்யும் என்று போன் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். நிறம் தூக்கலாகும், தோல் மெழுகு பூசினாற்போல வழவழப்பாகும். நாமே தினம் போட்டுப் பார்ப்பதால் அதன் தடயம் பழக்கமாகிவிட்டது. முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணின் இடுப்பு நிஜத்தில் எத்தனை அகலம் என்று நமக்கு எப்படித் தெரியும்? ஒப்பிட அசல் கையில் இல்லை. பின்னால் இருக்கும் கதவு நிலை வளைந்திருந்தால் ஒருவேளை சந்தேகம் வரலாம். எடிட் செய்தவர் அதில் கவனமாக இருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

அந்த 144 பேரிலும் எல்லோருக்கும் ஒரே அளவு அடி விழவில்லை. தன்னை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அதிகமாக உள்ளவர்களைத்தான் எடிட் செய்த படங்கள் குறிப்பாகப் பாதித்தன. இந்தத் துறையில் திரும்பத் திரும்ப வரும் விஷயம் இது. 1954-ல் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் முன்வைத்த சமூக ஒப்பீட்டுக் கோட்பாடு இதற்கு அடிப்படை. நம்மை அளந்து பார்க்கத் திட்டவட்டமான அளவுகோல் இல்லாதபோது, மற்ற மனிதர்களையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறோம் என்றார் அவர். அதிலும் யாரோ ஒருவரை எடுப்பதில்லை. நமக்கு நெருக்கமானவர், ஏறக்குறைய நம்மைப் போன்றவர் என்று தோன்றுகிறவரைத்தான் எடுக்கிறோம்.

சினிமா நடிகை ஒல்லியாக இருந்தால் மனம் அவருக்கு ஒரு விலக்கு கொடுத்துவிடும். அவருக்குப் பயிற்சியாளர் இருக்கிறார், மேக்கப் போட ஆள் இருக்கிறார், அதுதான் அவர் பிழைப்பு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பக்கத்து செக்‌ஷனில் படிக்கிற பெண்ணுக்கு அந்த விலக்கு கிடையாது. அவளும் அதே கேன்டீனில்தான் சாப்பிடுகிறாள், அதே பஸ்ஸில்தான் வருகிறாள். கனடாவில் ஜாக்குலின் ஹோக், ஜெனிஃபர் மில்ஸ் இருவரும் 2019-ல் வெளியிட்ட சோதனை இதைத் தொட்டுப் பார்க்கிறது. 18 முதல் 27 வயது வரையிலான 118 பெண்களில் ஒரு பிரிவினர், தங்களைவிட அழகானவள் என்று தாங்களே நினைக்கும் தங்கள் வயதுப் பெண் ஒருத்தியின் பக்கத்துக்குப் போய்ப் படங்களைப் பார்த்து, ஒரு கமென்ட் போட்டுவிட்டு வர வேண்டும். இன்னொரு பிரிவினர் இதையே, தங்களைவிட அழகு என்று தாங்கள் நினைக்காத ஒரு குடும்ப உறுப்பினரின் பக்கத்தில் செய்ய வேண்டும். முதல் பிரிவினருக்குத் தங்கள் தோற்றத்தைப் பற்றிய அதிருப்தி கூடியது. குடும்பத்தாரைப் பார்த்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆப் ஒன்றுதான், செய்த வேலையும் ஒன்றுதான். யாரைப் பார்த்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

எதைப் பார்த்தோமோ அந்த இடத்தில்தான் வலிக்கும் என்பதற்கு இன்னோர் ஆய்வு உண்டு. 2015-ல் ஜாஸ்மின் ஃபார்டூலி குழுவினர் 112 பெண்களைப் பிரித்து, பத்து நிமிடம் ஃபேஸ்புக், அல்லது ஒரு ஃபேஷன் பத்திரிகையின் இணையதளம், அல்லது அழகோடு சம்பந்தமில்லாத ஒரு தளம் பார்க்க வைத்தார்கள். ஃபேஸ்புக் பார்த்தவர்களின் மனநிலை, அழகோடு சம்பந்தமில்லாத தளத்தைப் பார்த்தவர்களைவிடச் சற்றே இறங்கியிருந்தது. ஒப்பிடும் பழக்கம் அதிகமுள்ளவர்களுக்கு முகம், தலைமுடி, தோல் இவற்றை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் கூடியது. உடல் எடையைப் பற்றிய எண்ணம் அப்படிக் கூடவில்லை. ஃபேஸ்புக்கில் அதிகம் கண்ணில் படுவது முகங்கள்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது பொருந்துகிறது.

பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பது. உடல் பிம்பத்தை, அதாவது தன் உடலைப் பற்றி ஒருவர் மனதில் வைத்திருக்கும் எண்ணத்தைப் பொறுத்தவரை அது அவ்வளவு நல்ல கேள்வி இல்லை என்பது என் கருத்து. 2014-ல் எவலின் மையர், ஜேம்ஸ் கிரே இருவரும் அமெரிக்கப் பள்ளி மாணவிகள் 103 பேரிடம் ஃபேஸ்புக் பயன்பாட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை, எடையைப் பற்றிய அதிருப்தி ஆகியவை மொத்த நேரத்தோடு ஒட்டிப் போகவில்லை. அந்த நேரத்தில் எவ்வளவு பங்கு படங்களில் போனது என்பதோடுதான் ஒட்டிப் போயின. இரண்டு மணி நேரம் தோழிகளோடு சாட் செய்தவளும் இரண்டு மணி நேரம் படங்களைத் துழாவியவளும் போனின் ஸ்க்ரீன் டைம் கணக்கில் ஒன்றுதான்.

ஆனால் இந்த வகை ஆய்வில் ஒரு சிக்கல் இருக்கிறது. படங்கள் பார்த்ததால் அதிருப்தி வந்ததா, ஏற்கெனவே அதிருப்தியில் இருக்கிற பெண்தான் படங்களைத் தேடித்தேடிப் பார்க்கிறாளா? ஒரே சமயத்தில் கேள்வித்தாள் கொடுத்தால் இதைப் பிரிக்க முடியாது. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம் என்பதுதான் கஷ்டம். எந்தப் படத்தில் விரல் நின்றதோ அதே மாதிரி படங்களை ஆப் மேலும் கொண்டுவந்து காட்டும். கவலைப்படுகிற பெண்ணின் விரல் எங்கே நிற்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2021-ல் ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளியே வந்தபோது உலகமெங்கும் ஓடிய செய்தியையும் இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும். மூன்றில் ஒரு பதின்வயதுப் பெண்ணுக்கு இன்ஸ்டாகிராம் உடல் பிம்பத்தைக் கெடுக்கிறது என்று சுருக்கிவிட்டார்கள். ஆவணத்தில் இருந்த 32 சதவீதம் சொல்வது வேறு. தங்கள் உடலைப் பற்றி மோசமாக உணர்ந்த நேரங்களில் இன்ஸ்டாகிராம் அதை மேலும் மோசமாக்கியது என்று சொன்ன பெண்களின் அளவு அது. மொத்தப் பதின்வயதுப் பெண்களில் மூன்றில் ஒரு பங்கு என்று அதைப் படிக்கக் கூடாது. தவிர, அவர்களே சொன்ன காரணம் அது, ஒப்பிட்டுப் பார்க்க இன்ஸ்டாகிராம் இல்லாத ஒரு குழு அங்கே கிடையாது. அதற்காக அந்தப் பெண்கள் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. ஏற்கெனவே சங்கடத்தில் இருப்பவளுக்குத்தான் அடி அதிகம் என்று சோதனைகள் காட்டுவதோடு அது ஒத்துப் போகிறது.

சரி, எடிட் செய்த படம் என்று எழுதிப் போட்டுவிட்டால்? நார்வே 2022-ல் அப்படி ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விளம்பரப் படத்தில் உடலின் வடிவத்தையோ அளவையோ தோலையோ மாற்றியிருந்தால் அரசு வகுத்த முத்திரையைப் போட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட எச்சரிக்கைகளைச் சோதித்த ஆய்வுகள் பெரும்பாலும் கையை விரித்துவிட்டன. எச்சரிக்கையைப் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் அதிருப்தி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஒப்பீடு ஒரு நொடியில் தானாக நடந்துவிடுகிறது, எச்சரிக்கை அதற்கு அப்புறம்தான் படிக்கப்படுகிறது. அது நிஜமில்லை என்று தெரிந்த பிறகும் அப்படி இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசை போவதில்லை. எந்த இடத்தை மாற்றினார்கள் என்பதையும் முத்திரை சொல்வதில்லை.

அசலையே பக்கத்தில் வைத்துக் காட்டும்போது நிலைமை மாறுகிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மரிகா டிக்மன், இசபெல்லா ஆண்டர்பெர்க் இருவரும் 18 முதல் 30 வயது வரையிலான 305 பெண்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் இன்ஸ்டாவில் போடும் கச்சிதமான படங்களை மட்டும் பார்த்தார்கள். இன்னொரு பிரிவினர் அதே பெண் சாதாரணமாக இருக்கும் படங்களை மட்டும் பார்த்தார்கள். மூன்றாவது பிரிவினருக்கு இரண்டும் பக்கம் பக்கமாகக் கிடைத்தன. கச்சிதமான படங்களை மட்டும் பார்த்தவர்களைவிட மற்ற இரு பிரிவினருக்கும் உடல் அதிருப்தி குறைவாக இருந்தது. அதே கச்சிதமான படம் மூன்றாவது பிரிவினர் கண் முன்னாலும் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

நேரத்தைக் குறைத்துப் பார்த்த சோதனையும் உண்டு. கனடாவில் 17 முதல் 25 வயது வரையிலான 220 மாணவர்கள் இதில் கலந்துகொண்டார்கள். தினம் இரண்டு மணி நேரமாவது சமூக ஊடகத்தில் இருப்பவர்கள், மனச்சோர்வோ பதற்றமோ கொஞ்சம் உள்ளவர்கள். பாதிப் பேரை மூன்று வாரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். அவர்கள் சராசரியாக 78 நிமிடம் வரை இறங்கினார்கள், மற்றவர்கள் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தார்கள். குறைத்தவர்களுக்குத் தோற்றத்தைப் பற்றிய எண்ணமும் எடையைப் பற்றிய எண்ணமும் மேம்பட்டன. 2023-ல் வெளியான இந்த முடிவை நான் பாதி நம்பிக்கையோடுதான் எடுத்துக்கொள்கிறேன். தான் நேரத்தைக் குறைக்கிறோம் என்பது கலந்துகொண்டவருக்கே தெரியும், மருந்து சோதனையில் போல அதை மறைத்து வைக்க வழியில்லை. ஒப்பிடுவது குறைந்ததால் பலன் வந்ததா, நல்ல தூக்கம் கிடைத்ததால் வந்ததா என்பதும் பிரியவில்லை.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை பெண்கள் மேல் நடந்த ஆய்வுகள். பையன்களிடம் பிரச்சினை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஒல்லியாக வேண்டுமா என்று கேட்கும் கேள்வித்தாளில் ஜிம்மே கதியாகக் கிடக்கும் பையன் எந்தக் கவலையும் இல்லாதவனாகத்தான் தெரிவான். அதனால் 2000-ல் டொனால்ட் மெக்கிரியரி, டோரிஸ் சாஸ் இருவரும் தசை மீதான ஆசையை அளக்கத் தனியாக ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். இன்னும் தசை இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறாயா, புரோட்டீன் பவுடர் எடுக்கிறாயா என்கிற மாதிரி கேள்விகள் அதில் வரும்.

இதே மாதிரி ஓர் ஓட்டை நம் பக்கத்திலும் இருக்கிறது. மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. அங்கே புழங்கும் கேள்வித்தாள்கள் எடை, இடுப்பு, தொடை என்று விசாரிக்கும். நம்மூர்ப் பெண் செல்ஃபி எடுத்ததும் முதலில் இழுப்பது பெரும்பாலும் முகத்தை வெளுப்பாக்கும் ஸ்லைடரைத்தான். அந்தக் கவலையை எடையைப் பற்றிய கேள்விகளை வைத்து அளக்க முடியாது.